ஊறிய அட்டையில் வழுக்கி விழுந்த மீனா: ஒரு டார்ட் தேர்வுக் கேள்வி

"பகுதிநேரமாகச் சட்டம் படிக்கிறேன். பிறரின் தவறால் நேர்ந்த தீங்குக்கு ஈடு கேட்பது பற்றிய டார்ட் சட்டத் தேர்வில் கீழே உள்ள கேள்விக்கு ஸ்பாண்டெக் தொடங்கிப் பன்னிரண்டு வழக்குகளைச் சொல்லி ஆறு பக்கம் எழுதினேன். 25க்கு 11தான் கிடைத்தது. 'சட்டம் இருக்கிறது, பயன்படுத்தவில்லை' என்று ஓரத்தில் குறித்திருக்கிறார்கள். எங்கே தவறினேன்?

கேள்வி: சிராங்கூன் சாலையில் குமார் ஒரு மினிமார்ட் நடத்துகிறார். ஒருநாள் காலை குளிர்பெட்டியிலிருந்து தண்ணீர் கசிகிறது. 10 மணிக்கு அதைப் பார்த்த ஊழியர், ஓர் அட்டைப்பெட்டியைப் பிரித்துத் தரையில் விரித்துவிட்டுக் கல்லாவுக்குத் திரும்புகிறார். 10.40க்கு 64 வயது மீனா, கைத்தொலைபேசியைப் பார்த்தபடி வந்து ஊறிய அட்டையில் வழுக்கி விழுகிறார். அவருக்கு எலும்பு பலவீனம் இருந்ததால் இடுப்பெலும்பு முறிகிறது. மூன்று வாரம் கழித்து, படிக்கட்டைத் தவிர்க்கும்படி மருத்துவர் சொல்லியிருந்தும், மின்தூக்கி வரத் தாமதமானதால் ஊன்றுகோலுடன் தனியாக ஒரு மாடி இறங்கி, விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொள்கிறார். மகள் வள்ளி வீட்டிலிருந்து முறுக்கு விற்பவர்; மாவு பக்குவம் மீனாவின் கையில். வள்ளி 4,000 வெள்ளி தீபாவளி ஆர்டரை இழக்கிறார். மீனாவுக்கும் வள்ளிக்கும் ஆலோசனை கூறுக."

உங்களுக்குச் சட்டம் தெரிந்திருக்கிறது. கேள்வித்தாளில் உள்ள எந்த விவரம் எந்தச் சட்டக் கேள்விக்கு உரியது என்று பிரித்து வைப்பதில்தான் மதிப்பெண் போயிருக்கிறது. நான் விபத்து இழப்பீட்டு வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர்; சில ஆண்டுகள் வார இறுதிகளில் டார்ட் பாடத்துக்கு டியூட்டோரியல் எடுத்து விடைத்தாள்களும் திருத்தியிருக்கிறேன். உங்கள் விடைத்தாளை நான் பார்க்கவில்லை. ஆனாலும் ஆறு பக்கத்தில் மூன்று பக்கமாவது கடமை இருக்கிறதா என்பதற்கே போயிருக்கும் என்று நினைக்கிறேன். கடமை உண்டா என்று பார்க்கும் சோதனையை வகுத்த ஸ்பாண்டெக்கை முதல் வாரத்தில் படிக்கிறோம், நன்றாக மனத்தில் நிற்கிறது, ஆகவே பேனாவும் அங்கேயே நின்றுவிடுகிறது.

மீனாவைப் பொறுத்தவரை கடமை என்பது இந்தக் கேள்வியில் சண்டைக்குரிய இடமே அன்று. கடைக்காரர் தம் கடைக்குள் வரும் வாடிக்கையாளரின் உடல் பாதுகாப்பில் நியாயமான கவனம் செலுத்த வேண்டும் என்பது நெடுநாளாக ஏற்கப்பட்ட ஒன்று. இடத்தை வைத்திருப்பவரின் பொறுப்புக்கு முன்பு தனி விதிகள் இருந்தன; வந்தவர் அழைக்கப்பட்டவரா, அனுமதிக்கப்பட்டவரா என்று வகைப்படுத்த வேண்டியிருந்தது. 2013-இல் சீ தோ சியூ கீ வழக்கில் சிங்கப்பூர் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த விதிகளைப் பொதுவான கவனக்குறைவுச் சட்டத்துக்குள் சேர்த்துவிட்டது. சட்டப்படி உள்ளே வரும் எவருக்கும் கடமை உண்டு என்பதே இப்போது நம் தொடக்கப்புள்ளி. இதை நான்கு வரியில் எழுதி நகர வேண்டும். ஸ்பாண்டெக்கின் படிகளை மீனாவுக்காக ஒவ்வொன்றாக ஏறிக் காட்டுவது, பாஸ்போர்ட்டைக் காட்டினாலே திறக்கும் கதவுக்குப் பிறப்புச் சான்றிதழிலிருந்து ஆவணங்களை அடுக்குவது போன்றது. தவறு என்று யாரும் சொல்லமாட்டார்கள், ஆனால் அதற்கு மதிப்பெண்ணும் இல்லை. ஸ்பாண்டெக்கை வைத்துக்கொள்ளுங்கள், அது வள்ளிக்குத் தேவைப்படும்.

மீனாவின் உண்மையான சண்டை கடமை மீறலில் இருக்கிறது. கேள்வியை அமைத்தவர் விவரங்களைத் தாராளமாகக் கொட்டியிருக்கும் இடமும் அதுவே: கசிவு, 10 மணி, அட்டை, கல்லா, 10.40. இவற்றில் ஒன்றைக்கூடத் தொடாமல் "நியாயமான கடைக்காரர் செய்திருக்க வேண்டியதைக் குமார் செய்யவில்லை, ஆகவே கடமையை மீறினார்" என்று ஒரு வாக்கியத்தில் முடிக்கும் விடைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த வாக்கியத்தை எந்த விபத்துக் கேள்விக்கும் அப்படியே தூக்கி ஒட்டலாம். உங்கள் திருத்துநர் ஓரத்தில் எழுதிய குறிப்புக்குப் பொருள் இதுவாகத்தான் இருக்கும்.

விவரங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். 10 மணி என்பது அறிவைக் காட்டுகிறது. கடையில் வழுக்கி விழுந்த வழக்குகளில் வாதிக்குப் பெரும் தலைவலி, தரையில் ஈரம் எவ்வளவு நேரமாக இருந்தது, கடைக்காரருக்கு அது தெரியுமா என்பதை நிறுவுவதுதான். இங்கே அந்தத் தலைவலி இல்லை, ஏனென்றால் ஊழியரே பார்த்திருக்கிறார். அட்டையை விரித்ததே அவர் ஆபத்தை உணர்ந்தார் என்பதற்குச் சாட்சி. ஊழியர் வேலைநேரத்தில் கடை வேலையைச் செய்யும்போது நேர்ந்த குறை என்பதால் அது குமாரின் தலையில் விழும். அவர் ஊழியர் என்று கேள்வியே சொல்லிவிட்டதால் இதற்கும் ஒரு வரி போதும். குளிர்பெட்டியைப் பழுதுபார்க்க வந்த வெளிநிறுவனத்தின் ஆள் என்றிருந்தால் கதை வேறு. தனித் தொழில் நடத்தும் ஒப்பந்தக்காரரின் தவறுக்கு அவரை அமர்த்தியவர் பொதுவாகப் பொறுப்பாக மாட்டார் என்பதை 2017-இல் இங் ஹுவாட் செங் வழக்கு உறுதிசெய்தது. ஆனால் அந்த ஆள் இந்தக் கேள்வியில் இல்லை. இல்லாத ஆளுக்காகப் பத்தி எழுத வேண்டாம்.

10-க்கும் 10.40-க்கும் இடையிலுள்ள 40 நிமிடம், எதிர்வினை ஆற்ற நேரம் இருந்ததா என்ற கேள்விக்கு உரியது. ஊழியர் 10.38-க்குக் கசிவைக் கண்டு துடைப்பத்தை எடுக்க உள்ளே போன இரண்டு நிமிடத்தில் மீனா விழுந்திருந்தால், மீறல் இல்லை என்றுகூட நான் வாதிடுவேன். 40 நிமிடம் அப்படியல்ல. அதற்குள் துடைத்து, மஞ்சள் எச்சரிக்கைப் பலகையை வைத்து, குளிர்பெட்டியின் அடியில் ஒரு வாளியையும் தள்ளியிருக்கலாம். பயிற்சி வகுப்பில் நான் மாணவர்களிடம் நேரத்தை மாற்றிப் பார்க்கச் சொல்வதுண்டு. நேரம் மாறினால் உங்கள் முடிவும் மாறுகிறதா என்று பாருங்கள். மாறவில்லை என்றால் அந்த விவரத்தை நீங்கள் இன்னும் பயன்படுத்தவில்லை என்று பொருள்.

அடுத்தது அட்டை. இந்தக் கேள்வியின் உயிரே அதில்தான் இருக்கிறது. தேக்கா பக்கம் மழை நாளில் நடந்தவர்களுக்கு இது பழகிய காட்சி. பாதிக் கடை வாசல்களில் பிரித்த அட்டைதான் கால்மிதி. ஆகவே குமாரின் தரப்பு இரண்டு வாதங்களை வைக்கும். ஒன்று, எங்கள் ஊழியர் சும்மா இருக்கவில்லை, ஒரு நடவடிக்கை எடுத்தார். இரண்டு, அது இந்த வட்டாரக் கடைகளின் வழக்கம். முதல் வாதத்துக்கு அவர்கள் கையில் எடுக்கக்கூடியது 1953-இல் இங்கிலாந்தின் லாட்டிமர் வழக்கு. அசாதாரணப் பெருமழையில் தொழிற்சாலைக்குள் வெள்ளம் புகுந்து, எண்ணெய் கலந்த நீர் தரையெங்கும் பரவியது. நிர்வாகம் கையிருப்பில் இருந்த மரத்தூள் தீரும்வரை தூவியது. தூள் எட்டாத இடத்தில் ஒரு தொழிலாளி வழுக்கி விழுந்தார். எஞ்சியிருந்த வழி தொழிற்சாலையையே மூடுவது. எஞ்சிய ஆபத்துக்கு அது அளவுக்கு மிஞ்சிய நடவடிக்கை என்பதால் கடமை மீறல் இல்லை என்று பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது.

இங்கே வழக்கின் பெயரை எழுதியதோடு நின்றால் பாதி மதிப்பெண்தான். லாட்டிமரில் எஞ்சியிருந்த மாற்று வழி ஒரு நாள் உற்பத்தியையே நிறுத்துவது. குமாரிடம் இருந்த மாற்று வழி ஒரு துடைப்பமும் ஒரு பலகையும். அங்கே ஈரம் கட்டடம் முழுவதும்; இங்கே ஒரு குளிர்பெட்டியின் அடியில். அங்கே மரத்தூள் இருந்த இடம் பாதுகாப்பாக இருந்தது, விழுந்தவர் தூள் இல்லாத இடத்தில் விழுந்தார். இங்கே மீனா விழுந்ததே அந்த நடவடிக்கையின் மேல்தான். கசிவு நிற்காத இடத்தில் போட்ட அட்டை கொஞ்ச நேரத்தில் ஊறிக் கூழாகும், அடியிலுள்ள வழவழப்பான தரையில் நகரும், ஈரத்தைப் பார்வையிலிருந்து மறைக்கவும் செய்யும். அதாவது, எடுத்த நடவடிக்கை ஆபத்தைக் குறைத்ததா கூட்டியதா என்றே கேட்கலாம். இந்த மூன்று வேறுபாடுகளையும் எழுதியவருக்கு வழக்கின் ஆண்டு மறந்துபோயிருந்தாலும் நான் மதிப்பெண்ணைக் குறைத்ததில்லை.

வழக்கம் என்ற வாதத்தையும் விட்டுவிடக் கூடாது. எல்லாரும் செய்கிறார்கள் என்பது நியாயமான நடத்தைக்கு ஒரு சான்றாகும். ஆனால் வழக்கமே கவனக்குறைவானதாக இருக்கலாம் என்று நீதிமன்றம் சொல்ல இடமுண்டு. வாசலில் மழையீரம் துடைக்கப் போடும் அட்டையும், ஓயாமல் கசியும் குளிர்பெட்டியின் கீழே போட்ட அட்டையும் ஒன்றல்ல என்று காட்டினால் அந்த வாதம் தளர்ந்துவிடும். இவற்றையெல்லாம் சேர்த்து எழுதும்போது ஒரு பத்தி ஏறத்தாழ இப்படி இருக்கும்: "ஊழியருக்கு 10 மணி முதலே கசிவு தெரியும், துடைக்கவும் எச்சரிக்கவும் 40 நிமிடம் இருந்தது, அதற்கான செலவும் உழைப்பும் அற்பம், வாடிக்கையாளர்களில் முதியவர்களும் இருப்பர் என்பதால் விழுந்தால் ஏற்படும் காயம் கடுமையாக இருக்கக்கூடும். விரித்த அட்டை ஈரத்தை அகற்றாமல் மறைத்ததால், லாட்டிமரில் போலன்றி, அதை நியாயமான நடவடிக்கையாகக் கொள்ள இயலாது. ஆகவே மீறல் நிறுவப்பட வாய்ப்பு மிக அதிகம்." இதில் ஒரே ஒரு வழக்குதான் இருக்கிறது, ஆனால் கேள்வித்தாளின் ஐந்து விவரங்கள் இருக்கின்றன.

இனி இழப்புக்கு வருவோம். மாணவர்கள் இழப்பு என்ற சொல்லை ஒற்றை மூட்டையாகக் கட்டி, காரணத் தொடர்பு உண்டு, தொலைவானது அல்ல என்று ஒரே மூச்சில் தள்ளிவிடுகிறார்கள். மூட்டையைப் பிரிக்க வேண்டும். இந்தக் கேள்வியில் மூன்று இழப்புகள் உள்ளன: இடுப்பெலும்பு, மணிக்கட்டு, 4,000 வெள்ளி. மூன்றுக்கும் மூன்று வேறு விடைகள் வரக்கூடும். ஒன்றுக்குச் சொன்னதை மற்றதற்குச் சொல்ல முடியாது.

இடுப்பெலும்பு எளிது. அட்டை வழுக்காவிட்டால் அவர் விழுந்திருக்க மாட்டார், எலும்பும் முறிந்திருக்காது. இளவயதுக்காரர் சிராய்ப்போடு எழுந்து போயிருப்பார் என்பது குமாருக்கு உதவாது. விழுந்தால் உடற்காயம் ஏற்படும் என்பது முன்னறியத்தக்கது. அந்த வகைக் காயம் எவ்வளவு கடுமையாகும் என்பதை அவர் முன்னறிந்திருக்க வேண்டியதில்லை. 1962-இல் லீச் பிரெய்ன் வழக்கில் உதட்டில் பட்ட தீக்காயம் புற்றுநோயாக மாறி ஒருவர் இறந்தபோதும் முதலாளி பொறுப்பேற்க வேண்டியிருந்தது. எலும்பு பலவீனம் பற்றிய விவரத்தின் இடம் இதுதான். அதைக் கடமை மீறலில் வைத்து, பலவீனமானவர் என்பதால் கூடுதல் கவனம் தேவைப்பட்டது என்று எழுதுபவர்கள் 1951-இன் பாரிஸ் வழக்கை நினைத்து வழிதவறுகிறார்கள். அங்கே தொழிலாளிக்கு ஒரு கண்தான் பார்வை என்பது முதலாளிக்குத் தெரிந்திருந்தது. மீனாவின் எலும்பைப் பற்றிக் குமாருக்குத் தெரியும் என்று கேள்வி சொல்லவில்லை. தெரிந்த பலவீனம் கவனத்தின் அளவை உயர்த்தும். தெரியாத பலவீனம் இழப்பின் அளவுக்குள் மட்டுமே வரும். தொகையைக் கணக்கிடும்போது, இந்த விபத்து இல்லாமலே அந்த எலும்பு சில ஆண்டுகளில் முறிந்திருக்கலாம் என்று குமாரின் தரப்பு மருத்துவச் சான்றோடு வரக்கூடும். அது இழப்பீட்டுத் தொகையைப் பற்றிய வாதம். பொறுப்பைப் பற்றியது அல்ல.

மணிக்கட்டில்தான் நிச்சயம் நழுவுகிறது. இடுப்பு முறியாவிட்டால் ஊன்றுகோல் இல்லை, ஊன்றுகோல் இல்லாவிட்டால் இந்த விழுகை இல்லை. ஆகவே முதல் நிலைக் காரணத் தொடர்பு உண்டு. கேள்வி, மீனாவின் சொந்தச் செயல் அந்தச் சங்கிலியை அறுத்துவிட்டதா என்பது. 1969-இல் ஒரே ஆண்டில் வந்த இரண்டு வழக்குகளை அருகருகே வைத்துப் பாருங்கள். மெக்யூ வழக்கில், காயத்தால் கால் அவ்வப்போது தளர்ந்துவிடும் ஒருவர், கைப்பிடி இல்லாத செங்குத்தான படிக்கட்டில் எவர் துணையையும் பிடிக்காமல் இறங்கி விழுந்தார். அது நியாயமற்ற செயல், சங்கிலி அறுந்தது என்று தீர்ப்பு. வீலண்ட் வழக்கில், கழுத்துப் பட்டையால் தம் கண்ணாடியைச் சரியாகப் பயன்படுத்த முடியாத பெண்மணி, மகனின் துணையோடு படி இறங்கும்போது விழுந்தார், சங்கிலி அறவில்லை. இருவரும் படிக்கட்டில்தான் விழுந்தார்கள். இறங்கிய விதத்தில்தான் வேறுபாடு.

மீனா எந்தப் பக்கம்? மெக்யூ பக்கம் தள்ளும் விவரங்கள்: மருத்துவரின் நேரடி அறிவுரை, துணை இல்லாதது, மின்தூக்கி தாமதம்தானே தவிரப் பழுது அல்ல என்பது. வீலண்ட் பக்கம் இழுப்பவை: ஒரு மாடிதான், மூன்று வாரம் வீட்டில் அடைந்திருந்தவர் அன்றாட நடமாட்டத்துக்குத் திரும்ப முயல்வது மனித இயல்பு, படிக்கட்டில் கைப்பிடி இல்லை என்று கேள்வி சொல்லவில்லை. கைப்பிடி பற்றி மெளனமாக இருக்கிறது என்பதையே விடையில் எழுதலாம். இருந்ததாக நீங்களே கட்டிக்கொள்ளக் கூடாது. என் சொந்தக் கருத்து, மருத்துவரின் அறிவுரை இருப்பதால் குமாரின் வாதம் வலுவானது. எனினும் நீதிமன்றங்கள் சங்கிலியை முழுவதாக அறுப்பதைவிட, பொறுப்பைப் பங்கிடுவதை விரும்பும் போக்கும் உண்டு. 2009-இல் இங்கிலாந்தின் ஸ்பென்சர் வழக்கில், வேலையில் ஏற்பட்ட காயத்தால் ஒரு காலை இழந்தவர், செயற்கைக் காலும் ஊன்றுகோலும் இல்லாமல் பெட்ரோல் நிலையத்தில் இறங்கித் தடுக்கி விழுந்தார். சங்கிலி அறவில்லை, ஆனால் மூன்றில் ஒரு பங்கு அவர் தலையில் என்று முடிவாயிற்று. தேர்வில் இரண்டு முடிவுகளில் எதை எழுதினாலும் ஏற்பார்கள். எதையும் தேர்ந்தெடுக்காமல் "இது நீதிமன்றத்தைப் பொறுத்தது" என்று முடிப்பதைத்தான் ஏற்கமாட்டார்கள்.

கைத்தொலைபேசி எங்கே போகிறது? இடுப்பெலும்பு தொடர்பான பங்குத் தவறுக்கு. 1953-ஆம் ஆண்டின் பங்குக் கவனக்குறைவு மற்றும் உடற்காயச் சட்டப்படி, வாதியின் தவறும் சேர்ந்திருந்தால் அவருடைய பங்குக்கு ஏற்ப இழப்பீடு குறையும், கோரிக்கையே விழுந்துவிடாது. நம் ஊரில் இதற்குப் பலருக்கும் தெரிந்த எடுத்துக்காட்டு 2016-இன் அஸ்னா வழக்கு. பச்சை மனிதன் எரியும்போது சாலையைக் கடந்த பாதசாரிமீது டாக்சி மோதியது. வரும் வாகனங்களைக் கவனிக்கவில்லை என்பதற்காக அவருக்கும் 15 விழுக்காடு பங்கு உண்டு என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் பெரும்பான்மையாகத் தீர்மானித்தது. பச்சை விளக்கில் நடந்தவருக்கே அந்தக் கதி என்றால், தொலைபேசியைப் பார்த்தபடி நடந்த மீனாவுக்கு ஏதாவது ஒரு பங்கு வருவது உறுதி என்று உங்களுக்குத் தோன்றும். இங்கேதான் ஒரு நிமிடம் நிற்க வேண்டும்.

பங்குத் தவறுக்கும் காரணத் தொடர்பு தேவை. தொலைபேசியைப் பார்க்காமல் தரையைப் பார்த்து நடந்திருந்தால் மீனா என்ன கண்டிருப்பார்? ஒரு விரித்த அட்டையை. சிராங்கூன் சாலைக் கடைகளில் அட்டையைக் கண்டால் நாம் விலகுவதில்லை, காலை வைக்கவே செய்கிறோம். ஊறிய அட்டை பார்வைக்கு ஊறியதாகத் தெரிந்ததா, சுற்றிலும் தண்ணீர் தேங்கியிருந்ததா என்பதைப் பொறுத்தே இந்த வாதம் நிற்கும். கேள்வி அதைச் சொல்லாததால், தண்ணீர் வெளியே தெரிந்தது என்றால் சிறு பங்கு, தெரியவில்லை என்றால் பங்கே இல்லாமலும் போகலாம் என்று இரண்டு கிளையாக எழுதுவதே நேர்மை. விழுக்காட்டை எழுதுவதாக இருந்தால் துல்லியமாக எழுத முயலாதீர்கள். அது விவரங்களைப் பார்த்து நீதிபதி எடுக்கும் முடிவு. நடைமுறையில் இத்தகைய கேள்விகளைக் கடைக் கண்காணிப்புக் கேமராவின் பதிவுதான் தீர்த்துவைக்கிறது. பதிவு சில வாரங்களில் அழிந்துவிடுவது வழக்கம் என்பதால் நான் கட்சிக்காரர் வந்த அன்றே அதைப் பாதுகாக்கச் சொல்லிக் கடிதம் அனுப்பிவிடுவேன். தேர்வில் அதற்கு மதிப்பெண் இல்லை.

கடைசியாக வள்ளி. நீங்கள் சேமித்து வைத்த ஸ்பாண்டெக்கை இப்போது எடுங்கள். வள்ளி நிஜமாகவே பணத்தை இழந்திருக்கிறார், குமார் மீனாவுக்குரிய கடமையை மீறியும் இருக்கிறார். ஆனால் குமார் வள்ளிக்குக் கடமைப்பட்டவரா? கடமை ஒரு குறிப்பிட்ட ஆளுக்கு, ஒரு குறிப்பிட்ட வகை இழப்பைப் பொறுத்து எழுவது. வள்ளியின் உடலுக்கோ உடைமைக்கோ ஒன்றும் நேரவில்லை. வேறொருவர் காயமடைந்ததால் அவருக்கு வந்த தூய பொருளியல் இழப்பு இது. ஸ்பாண்டெக் 2007-இல் வகுத்தபடி, எந்த வகை இழப்பானாலும் சோதனை ஒன்றே. நிகழ்வின் நோக்கில் அந்த இழப்பு முன்னறியத்தக்கதா என்பது வாசற்படி; பிறகு இருவருக்கும் இடையே சட்டம் ஏற்கும் அணுக்கம் இருக்கிறதா; இருந்தால், பொதுக்கொள்கை எதுவும் தடுக்கிறதா.

தூய பொருளியல் இழப்பு என்றதுமே கோரிக்கை தள்ளுபடி என்று எழுதுவது இங்கிலாந்துப் பாடநூலைப் படித்துவிட்டு வருபவர்கள் செய்யும் பிழை. உடைமைச் சேதத்தோடு சேராத பண இழப்புக்கு ஈடில்லை என்று 1973-இன் ஸ்பார்ட்டன் ஸ்டீல் வழக்கு அங்கே போட்ட கோட்டைச் சிங்கப்பூர் அப்படியே பின்பற்றுவதில்லை. 2018-இல் என்டியுசி ஃபுட்ஃபேர் வழக்கைப் பாருங்கள். சாங்கி விமான நிலையத்தில் விமானங்களை இழுக்கும் வண்டி ஒன்று ஒரு தூணில் மோதியது. அதனால் மேலே இருந்த உணவுக்கடையின் தரை பாதுகாப்பற்றதாகிக் கடையை மூட நேர்ந்தது. தூணோ தரையோ அந்தக் கடைக்காரருடைய சொத்து அல்ல. ஆனாலும் மேல்முறையீட்டு நீதிமன்றம் கடமை உண்டு என்றது. அந்தத் தூணில் மோதினால் அதன்மேல் நிற்கும் இடத்தைப் பயன்படுத்துபவர் பாதிக்கப்படுவார் என்பது கண்கூடு, இடம் நெருக்கமானது, பாதிக்கப்படக்கூடியவர்கள் எண்ணிவிடக்கூடிய சிலர்.

வள்ளிக்கு அந்த நெருக்கம் இல்லை. அவர் கடையில் இல்லை, கடையோடு எந்தத் தொடர்பும் இல்லை, குமாரை நம்பி எதையும் செய்யவில்லை, குமாரும் அவருக்கென எந்தப் பொறுப்பையும் ஏற்கவில்லை. மீனாவின் கைப்பக்குவத்தில் ஒரு முறுக்கு வியாபாரம் நிற்கிறது என்பது குமாருக்குத் தெரிய வழியில்லை. யாரோ ஒருவர் வேலை செய்ய முடியாமற்போனால் அவரைச் சார்ந்த யாருக்காவது நட்டம் வரும் என்ற பொதுவான அளவில் முன்னறிதல் உண்டு எனலாம். அந்த வாசற்படி தாழ்வானது. அணுக்கத்தில்தான் வள்ளி தடுக்கப்படுவார். அணுக்கம் உண்டென்று வாதத்துக்காக ஏற்றாலும், கடையில் விழும் ஒவ்வொருவரின் முதலாளி, பங்காளி, வாடிக்கையாளர் எல்லாருக்கும் குமார் பொறுப்பாக வேண்டிவரும். எத்தனை பேருக்கு, எவ்வளவு தொகைக்கு என்று எல்லை தெரியாத பொறுப்பு அது. வள்ளியின் கோரிக்கை தோற்கும் என்பதில் எனக்குப் பெரிய ஐயம் இல்லை. ஒரு திருப்பத்தை மட்டும் கவனியுங்கள்: மீனா அந்த வேலைக்காக மகளிடமிருந்து ஊதியம் பெற்று வந்திருந்தால், அந்த ஊதிய இழப்பு மீனாவின் சொந்த இழப்பு; அதை மீனாவே தம் உடற்காயக் கோரிக்கையோடு கேட்கலாம். அதன் அளவு அவருக்குக் கிடைக்காமற்போன கூலி. வள்ளியின் 4,000 வெள்ளி அல்ல.

உங்கள் பாடத்திட்டத்தின் மதிப்பெண் பங்கீடு என் கையில் இல்லை. ஆயினும் இந்தக் கேள்விக்கு 45 நிமிடம் கிடைத்தால், நான் மீனாவின் கடமைக்கு 3 நிமிடமும், மீறலுக்கு 15-உம், மூன்று இழப்புகளில் முதல் இரண்டுக்கும் பங்குத் தவறுக்கும் சேர்த்து 15-உம், வள்ளிக்கு 10-உம் ஒதுக்குவேன். எஞ்சிய 2 நிமிடத்தைத் தொடக்கத்திலேயே செலவழித்து, கேள்வித்தாளின் ஓரத்தில் ஒவ்வொரு விவரத்துக்கும் எதிரே கடமை, மீறல், இழப்பு, பங்கு என ஒரு சொல்லை எழுதி வைப்பேன். உங்கள் பழைய கேள்வித்தாளில் இப்போது அப்படிக் குறித்துப் பாருங்கள். பிறகு விடைத்தாளைத் திறந்து, குறித்த விவரங்களில் எத்தனை உங்கள் ஆறு பக்கத்துக்குள் வந்திருக்கின்றன என்று எண்ணுங்கள். "அட்டை" என்ற சொல்லை எத்தனை முறை எழுதியிருக்கிறீர்கள் என்பதிலிருந்து தொடங்கலாம்.